எந்த சீரியஸ் பேச்சு எடுத்தாலும் ஜோக் அடிச்சே முடிச்சிடறார், இதை எப்படி எடுத்துக்கறது?

கோவைக்காரி_84
ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இன்னைக்குத்தான் எழுதறேன், நீளமா போயிடும், பொறுத்துக்கங்க.

கல்யாணமாகி 6 வருஷம். வீட்டுக்காரர் ஒரு பம்ப் கம்பெனில பர்ச்சேஸ்ல இருக்கார், நான் ஸ்கூல் டீச்சர். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, காலைல சட்னி அரைக்கறது அவர்தான். பிரச்சனை ஜோக்கு. முன்னாடி அதுக்காகத்தான் பிடிச்சுப்போச்சு, இப்ப அதே எனக்கு தொண்டைல நிக்குது.

ஜனவரில 11 வாரத்துல கரு கலைஞ்சுபோச்சு. டி அண்ட் சி பண்ணி மறுநாள் வீட்டுக்கு வந்தோம். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவை கூட முழுசா பேசினதில்லை. நான் பேச்செடுப்பேன், அவர் சிரிக்க வச்சிடுவார். போன வியாழக்கிழமை ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சப்புறம் நடந்ததை அப்படியே எழுதறேன்.

நான்: உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.
அவர்: ஆத்தாடி, பேரன்ட்ஸ் மீட்டிங்கா? நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர், பெஞ்ச் மேல ஏறட்டுமா?
(நான் சிரிச்சுட்டேன். சிரிப்பு வந்துருச்சு, என்ன பண்றது.)
நான்: இல்லைங்க, ஜனவரில நடந்ததைப் பத்தி.
அவர்: ஜனவரில கரும்பு விலை ஏறுச்சே, அதுவா?
நான்: உங்களுக்கு வருத்தமே இல்லையா?
அவர்: உனக்குள்ள ஒரு போர்வெல்லே இருக்கு போல, எங்க கம்பெனி மோட்டார் பூரா போட்டாலும் கண்ணீர் வத்தாது.

அவ்வளவுதான், ஃபோனை எடுத்துட்டு அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துட்டார். நான் விடியற வரைக்கும் தூங்கலை. இந்த மனுஷனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையா, இல்ல இருந்து மறைக்கறாரா, இல்ல என்னையே பொருட்டா நினைக்கலையா? எனக்குப் படிக்கவே தெரியலை.

மழைநாள்
அக்கா இது கிளியர் அவாய்டன்ட் டைப். சின்ன வயசுல அழுதா வீட்ல கண்டுக்க மாட்டாங்க, அதனால ஃபீலிங்னாலே ஓடுவாங்க. நான் இதைப் பத்தி நிறைய பார்த்திருக்கேன். மாற மாட்டாங்க, நீங்க உங்களைப் பார்த்துக்கங்க.

ரெண்டாம்_ஷிப்ட்
ஏன் பெருசு பண்றீங்க. ஆம்பளைங்க அப்படித்தான், எங்கப்பா தாத்தா சாவுக்கே பாடைக்காரன்கிட்ட பேரம் பேசி சிரிச்சுட்டு இருந்தாரு. சண்டை போடாம சிரிக்க வைக்கறவன் கிடைச்சதே அதிர்ஷ்டம், ஊர்ல எத்தனை வீட்ல தட்டு பறக்குது தெரியுமா.

நெல்லைஅல்வா
எங்க வீட்லயும் இதே கதைதான்க்கா. கல்யாண வீடு காதுகுத்து எங்க போனாலும் எங்க மாமா எல்லார் முன்னாடியும் "இவ சமைச்சா நாய்கூட மோந்து பாத்துட்டு போயிரும்"னு சொல்லுவாவ, எல்லாரும் சிரிப்பாவ, நானும் சிரிக்கணும். தனியா இருக்கைல ஒரு ஜோக்கும் கிடையாது, உம்முனு இருப்பாவ. இதுக்கு என்ன பண்றது?

கோவைக்காரி_84
@நெல்லைஅல்வா அது வேற மாதிரி தெரியுதுங்க, எங்க வீட்ல இவர் வெளிய என்னை விட்டே குடுக்க மாட்டார். தனியா, அதுவும் மனசைப் பத்தி பேசும்போது மட்டும்தான்.

வடைமாலை
நான் உங்க வீட்டுக்காரர் ஜாதி. (சாதிச் சான்றிதழ் கேட்காதீங்க.) பாத்தீங்களா, ஆரம்பிக்கும்போதே வந்துருச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், எல்லாருக்கும் இப்படியான்னு தெரியாது. என் பொண்டாட்டி "பேசணும்"னு சொன்ன அந்த செகண்டு காது சூடாகும், வயித்துல லிஃப்ட் கீழ போற மாதிரி இருக்கும். ஜோக்கை நான் யோசிச்சு அடிக்கறதில்லை, சூடு பாத்திரத்தைத் தொட்டா கை பின்னாடி போகுமே அந்த மாதிரி அதுவா வந்து விழும். அவ சிரிச்சா சூடு இறங்கிடும், அப்பாடான்னு இருக்கும், அப்புறம் அவ எதுக்கு கூப்பிட்டான்னே நிஜமா மறந்துடும். ஒரு தடவை வாட்ச்ல பார்த்தேன், சோபால சும்மா உட்கார்ந்திருக்கேன், ஹார்ட் ரேட் 112. மாடிப்படி ஏறினா கூட எனக்கு அவ்வளவு வராது.

உள்ள ஒண்ணுமே இல்லாதவனுக்கு ஜோக் தேவைப்படாது, "சரி பேசு"ன்னு உட்கார்ந்துடுவான். இது என் கருத்து.

பழைய_நாற்காலி
நான் 11 வருஷமா கணவன் மனைவி கவுன்சலிங் பண்றேன். உங்க நாலு வரி உரையாடலை நாலஞ்சு தடவை படிச்சேன், ஏன்னா கேட்டதுக்குப் பாதி பதில் அதுக்குள்ளயே இருக்கு.

முதல் ஜோக் யார் மேல? அவர் மேல. தன்னை பெஞ்ச் மேல ஏத்திக்கறார். ரெண்டாவது யார் மேலயும் இல்லை, விஷயத்தைத் திருப்பறார், கரும்புக்குப் போயிட்டார். மூணாவது உங்க மேல, உங்க கண்ணீர் மேல. மூணுக்கும் நடுவுல என்ன மாறுச்சு? முதல்ல நீங்க சிரிச்சீங்க. ரெண்டாவதுக்கு சிரிக்கலை. கதவு மூடலைன்னு தெரிஞ்சதும் இன்னும் பலமா தள்ளறார். வேணும்னே குத்தறவன் எடுத்த எடுப்புலயே உங்க மேலதான் அடிப்பான், தன்னை அடிச்சுக்கிட்டு ஆரம்பிக்க மாட்டான். @நெல்லைஅல்வா உங்க வீட்ல முதல் ஜோக்கே உங்க மேல, அதுவும் ஆளுங்க முன்னாடி, அதனாலதான் அது வேற விஷயம், அதுக்குத் தனி இழை போடுங்க, வந்து எழுதறேன்.

அதுக்காக மூணாவது ஜோக் சின்ன விஷயம்னு நான் சொல்லலை. குழந்தையை இழந்த பொம்பளையோட அழுகையைக் கிண்டல் பண்றது, எந்தப் பயத்துல வந்தாலும், அடிதான்.

ரெண்டாம்_ஷிப்ட்
அப்ப ஜோக்கே அடிக்கக்கூடாதா? காட்மன்னு ஒரு அமெரிக்கக்காரர் பல வருஷம் ஜோடிகளை உட்கார வச்சு ஆராய்ச்சி பண்ணி, சண்டை நடுவுல சிரிக்க வைக்கறதுதான் கல்யாணத்தைக் காப்பாத்துதுன்னு சொல்லியிருக்காரே.

பழைய_நாற்காலி
சொன்னார், அதுல பாதியைத்தான் நீங்க சொல்றீங்க. சண்டை சூடேறும்போது ஒருத்தர் சூட்டைக் குறைக்க எடுக்கற முயற்சில ஜோக்கும் ஒண்ணு, அது வேலை செய்யற வீடுங்க தாக்குப்பிடிக்குதுன்னு சொன்னார். ஆனா சூட்டைக் குறைக்கறது எதுக்கு? திரும்ப அதே விஷயத்துக்கு வந்து பேசறதுக்கு. அடுப்பை சிம்ல வைக்கறது வேற, சமைக்காமலே அணைச்சுட்டுப் போறது வேற.

1997ல கோஹன், பிராட்பரின்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. புதுசா கல்யாணமான ஜோடிகளை 18 மாசம் பின்தொடர்ந்தாங்க. வாழ்க்கைல பெரிய அடிங்க நிறைய விழுந்த வீடுகள்ல, பிரச்சனையைப் பேசும்போது புருஷன் ஜோக் அதிகமா அடிச்சா பிரியற வாய்ப்பு கூடுச்சு. நல்ல காலத்துல சிரிப்பு பாலம், அடி விழுந்த காலத்துல அதே சிரிப்பு பக்கத்துல இருக்கறவங்களை அந்த அடியோட தனியா விட்டுடுது. வெளிநாட்டு ஜோடிங்க, சின்ன ஆய்வு, அப்படியே நம்ம வீட்டுக்குப் பொருத்தாதீங்க, ஆனா கவனிக்கவேண்டிய இடம் அதுதான்.

அதனால கோவைக்காரி, ஜோக்கைப் பார்க்காதீங்க, ஜோக்குக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு வாரம் சும்மா கவனிங்க, திருத்தப் போகாதீங்க. எந்தெந்த விஷயத்துக்கு ஜோக் வருது, எதுக்கு வரலை? ஜோக் அடிச்சப்புறம் அன்னைக்கோ மறுநாளோ அவராவே சுத்தி வந்து அந்த விஷயத்தைத் தொடறாரா, வார்த்தையால இல்லைன்னாலும் செயலால?

மழைநாள்
அவாய்டன்ட் எல்லா விஷயத்துக்கும் தப்பிச்சுதான் போவாங்க, பார்த்து என்ன ஆகப்போகுது.

யாழ்_தென்றல்
என்ர மனுசனும் இப்பிடித்தான். அவற்ற வீட்டில 2009ல இழந்தவை கனபேர், அதைப் பற்றி ஆரும் கேட்டால் உடனே ஒரு பகிடி விடுவார். நான் கலியாணம் கட்டின புதுசில இவருக்கு மனசே இல்லையெண்டு நினைச்சன். பிறகு பார்த்தால் ஒவ்வொரு வருசமும் மே மாசம் அவர் நித்திரை கொள்ளுறேல்ல. நான் கேக்குறதை விட்டிட்டன். சரியோ பிழையோ தெரியேல்ல.

கோவைக்காரி_84
ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கேன். @யாழ்_தென்றல் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை எனக்கு.

நாற்காலி சார் (மேடமா?) சொன்ன மாதிரி கவனிச்சேன், பரீட்சை பேப்பர் திருத்தற பழக்கம், நோட்டு போட்டே எழுதி வச்சேன். எனக்கே ஆச்சரியமா இருந்தது.

வீட்டு லோன் பாக்கி, எங்கம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அவர் தங்கச்சி வீட்டு சண்டை, இதெல்லாம் நேரா பேசறார், ஜோக் அங்கங்க வரும் ஆனா விஷயம் முடியும். சண்டை போட்டா கூட மன்னிப்பு கேட்பார். ஜோக்காவே போனது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு ஜனவரி. இன்னொண்ணு, அவரோட மேனேஜர் சப்ளையர்ங்க முன்னாடி இவரைத் திட்டினது, அதை எனக்குச் சொல்லும்போது மிமிக்ரி பண்ணிக் காட்டி என்னை வயிறு வலிக்க சிரிக்க வச்சார், ராத்திரி 2 மணிக்குப் பார்த்தா ஹால்ல உட்கார்ந்திருக்கார்.

சுத்தி வர்றது? ஃபோலிக் ஆசிட் மாத்திரை தீர்ந்தா நான் கேட்காமலே வாங்கி வச்சிடறார், ஜனவரில இருந்தே. நான் கவனிச்சதே இல்லை.

பழைய_நாற்காலி
சாரும் இல்லை மேடமும் இல்லை, நாற்காலியே போதும்.

மழைநாள் சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, சின்ன வயசு பழக்கம் இதுக்குள்ள இருக்கலாம். ஆனா எல்லாத்துலயும் ஓடறவர் இல்லை இவர். அந்த ரெண்டு விஷயத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாருங்க. ரெண்டுலயும் அவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கார், ஒண்ணும் பண்ண முடியலை. லோனுக்கு ஈஎம்ஐ கட்டலாம், முட்டிக்கு டாக்டரைப் பார்க்கலாம். இதுக்கு? மாத்திரை வாங்கி வைக்கறது மட்டும்தான் அவர் கைல இருந்த வேலை. இது என் ஊகம்தான், அவரைப் பார்க்காம சொல்றேன், தப்பா இருக்கலாம்.

நீங்க பேச்சு எடுத்த விதத்துலயும் மூணு சின்ன விஷயம் மாத்திப் பார்க்கலாம். ராத்திரி படுத்தப்புறம், இருட்டுல, "பேசணும்"னு ஆரம்பிக்காதீங்க, வடைமாலை சொன்ன அந்த லிஃப்ட் இறங்கறது அந்த ஒரு வார்த்தைலயே நடந்துடும். முகத்துக்கு முகம் வேண்டாம், நடக்கும்போதோ பைக்லயோ, ரெண்டு பேர் கண்ணும் ரோட்டுல இருக்கட்டும். அடுத்தது, "உங்களுக்கு வருத்தமே இல்லையா"ங்கறது கேள்வி மாதிரி இருந்தாலும் குற்றச்சாட்டு, அதுக்கு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லைன்னும் சொல்ல முடியாது. உணர்ச்சியைக் கேட்காம நடந்ததைக் கேளுங்க. எங்க நின்னீங்க, யார்கூட இருந்தீங்க, என்ன பார்த்தீங்க. அவருக்கு உணர்ச்சிக்கு வார்த்தை இல்லாம இருக்கலாம், நடந்ததுக்கு கண்டிப்பா இருக்கும்.

அப்புறம் அந்த முதல் ஜோக். அது வரும், வரட்டும். சிரிச்சு விஷயத்தை விட்டுடாதீங்க, "எப்பப் பாரு ஜோக்கு"ன்னு கடிக்கவும் கடிக்காதீங்க, ரெண்டுமே அவருக்கு வெளிய போற வழி. வந்தா லேசா புன்னகைச்சுட்டு அப்படியே இருங்க, பத்து எண்ணுங்க. பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்ளதான் எதாவது வரும், இல்லை ரெண்டாவது ஜோக் வரும். ரெண்டாவதும் வந்தா அன்னைக்கு நிறுத்திடுங்க, ஆனா நாள் குறிச்சு நிறுத்துங்க, "இப்ப வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல கேட்கறேன்"னு. நாள் சொல்லாம விட்டா ஜோக் ஜெயிச்சுச்சுன்னுதான் அர்த்தம்.

வடைமாலை
அந்தப் பத்து எண்ணறது இருக்கே, எங்களுக்கு அது நரகம். ஆனா வேலை செய்யும். என் பொண்டாட்டி ஒரு தடவை "நல்லா இருந்துச்சு, இப்ப பதில்"னா, கோவமே இல்லாம. நான் முழிச்ச முழி இருக்கே.

ரெண்டாம்_ஷிப்ட்
ஒரு கேள்வி, நக்கல் இல்லை. அவர் பேசாமலே மாத்திரை வாங்கி வைக்கறார், அதுவே பேச்சுதானே? ஏன் வாயால சொல்ல வைக்கணும்? எங்கம்மா எங்கப்பாகிட்ட 40 வருஷமா ஒரு தடவை கூட இப்படிக் கேட்டதில்லை.

பழைய_நாற்காலி
நல்ல கேள்வி. அவருக்கு அது போதுமா இருக்கலாம். அவங்களுக்குப் போதலை, விடிய விடிய தூங்காம இருக்காங்க. உங்கம்மா கேட்கலைங்கறதுக்கும் அவங்களுக்குத் தேவைப்படலைங்கறதுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு.

ரெண்டாம்_ஷிப்ட்
ம். அம்மாகிட்ட கேட்டுப் பார்க்கறேன். ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க.

கோவைக்காரி_84
ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் பொள்ளாச்சி போனோம், பைக்ல. கிணத்துக்கடவுல டீ குடிக்க நிறுத்தினோம், கடைக்கு வெளிய பெஞ்சுல பக்கம் பக்கமா உட்கார்ந்திருந்தோம், எதிர்ல லாரியா போய்க்கிட்டு இருக்கு. கேட்டுட்டேன். "அன்னைக்கு என்னை உள்ள கூட்டிட்டுப் போனப்புறம் நீங்க எங்க இருந்தீங்க?"

உடனே வந்துச்சு: "கேன்டீன்ல வடை எண்ணிட்டு இருந்தேன், 14 இருந்துச்சு, ஒண்ணு கூட வேகலை."

நான் ஒண்ணும் சொல்லலை. பத்து எண்ணலாம்னு ஆரம்பிச்சேன், ஆறு ஏழுல எண்ணிக்கை மறந்துபோச்சு. அவர் டீ கிளாஸைச் சுத்திக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார், கேன்டீன் போகவே இல்லையாம். நர்ஸ் ஒரு ஃபார்ம் குடுத்து கையெழுத்து கேட்டாங்களாம், படிக்க டைம் இல்லை, அவசரம்னு. "நான்தான் கையெழுத்து போட்டேன். பர்ச்சேஸ் ஆர்டர்ல போடற மாதிரி போட்டேன், தேதியெல்லாம் போட்டு." அவ்வளவுதான். அப்புறம் "போலாமா, அத்தை சாப்பாடு ஆறிடும்"னு எந்திரிச்சுட்டார். ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் கிளம்பாம நின்னார்.

அவர் கையெழுத்து போட்டதே எனக்குத் தெரியாது. இத்தனை மாசமா இவருக்கு ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்.

மழைநாள்
படிச்சு அழுதுட்டேன் அக்கா. நான் "மாற மாட்டாங்க"ன்னு சொன்னது தப்புதான்.

பழைய_நாற்காலி
கதவு திறந்துடுச்சுன்னு நினைச்சுட வேண்டாம், ஜன்னல் அளவுதான். அடுத்த ரெண்டு மூணு நாள்ல அவர் வழக்கத்தை விட அதிகமா ஜோக் அடிக்கலாம், கூர்மையாவே வரலாம், திறந்து காட்டிட்டோமேன்னு வர்ற கூச்சம் அது. இன்னொண்ணு, அந்தக் கையெழுத்து விஷயத்தை எந்தச் சண்டைலயும் வெளிய எடுக்காதீங்க, உங்கம்மாகிட்ட கூட சொல்லாதீங்க. ஒரு தடவை அது ஆயுதமாச்சுன்னா இவ்வளவு கூட திரும்ப வராது.

நீங்களும் இழந்தவங்கதான், இதுல அவரைப் படிக்கறதே உங்க முழுநேர வேலையா ஆகிடக்கூடாது. தூக்கம் இப்படியே கெட்டுக்கிட்டு இருந்தா டெலிமானஸ் 14416க்குக் கூப்பிடுங்க, அரசாங்கத்தோடது, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது.

நெல்லைஅல்வா
நான் எங்க மாமாகிட்ட இந்தப் பத்து எண்ணுறத செஞ்சு பாத்தேன். பத்து எண்ணி முடிக்கதுக்குள்ள இன்னும் ரெண்டு ஜோக்கு என் மேல அடிச்சுட்டாவ.

பழைய_நாற்காலி
உங்க வீட்டுக்கு இது மருந்து இல்லைம்மா. அங்க அவர் எதுலயிருந்தும் தப்பிச்சு ஓடலை, உங்களை மட்டம் தட்டறார். அதுக்குப் பொறுத்துக்கிட்டு உட்கார்றது தீர்வே இல்லை. தனி இழை போடுங்க, கண்டிப்பா.

வடைமாலை
போடுங்கக்கா, நாங்களும் வர்றோம். ஜோக் அடிக்காம.

கோவைக்காரி_84
நாற்காலி சொன்னது அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை நான் சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னதுக்கு, "கொஞ்சம் அழு, சரியாயிடும்"னார். கரண்டியை வச்சுட்டு, "இது வலிக்குதுங்க, மத்த எதை வேணா கிண்டல் பண்ணுங்க, என் அழுகையை வேண்டாம்"னு சொன்னேன். சண்டை போடலை. அவர் ஒண்ணும் பேசலை, சாப்பிட்டு எந்திரிச்சுட்டார், ரெண்டு நாள் சரியா பேச்சே இல்லை. தப்பா சொல்லிட்டேனோன்னு கூட இருந்தது.

நேத்து ராத்திரி நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன். வந்து நின்னார். "அந்த ஆஸ்பத்திரி ஃபைல் எங்க வச்சிருக்க?"ன்னார். பீரோல, துணிக்கு அடியிலன்னு சொன்னேன். எதாவது ஜோக் வரும்னு காத்திருந்தேன், வரலை. "சரி, இருக்கட்டும்"னு சொல்லிட்டு பக்கத்துல உட்கார்ந்து மார்க் கூட்டிக் குடுத்தார், 38 பேப்பர். ரெண்டு பேப்பர்ல தப்பா கூட்டியிருந்தார், நான் சொல்லலை.